எனாமலைக் கரைப்பது எப்படி?

மனித உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் எனாமல்தான். எலும்பெல்லாம் அதற்கு அப்புறம். எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் போனால் போனதுதான், ஏனென்றால் அதைக் கட்டிய உயிரணுக்கள் பல் ஈறைப் பிளந்து வெளியே வரும்போதே வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றன. கடைவாய்ப் பல்லின் முகட்டில் அது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், மற்ற இடங்களில் அதைவிடக் குறைவு. ஆக, மனது வைத்தால் ஒரு வாழ்நாளுக்குள் கரைத்து முடித்துவிடக்கூடிய இருப்புதான்.

அந்த முயற்சியில் நம்மவர்கள் இறங்காமல் இல்லை. பெட்டிக்கடை, பேருந்து நிலையம், சினிமா இடைவேளை, கல்யாணப் பந்தி என்று எங்கும் கையில் பாட்டிலோடுதான் நிற்கிறார்கள். குறை என்னவென்றால், எதைக் குடிக்கிறோம் என்று தெரியாமல் குடிக்கிறார்கள். ஒருவர் வருடக்கணக்கில் வெறும் சோடா குடித்துவிட்டுப் பல் கரையவில்லையே என்று ஏமாந்துபோகிறார். இன்னொருவர் 'சர்க்கரையே இல்லை' என்று எழுதிய வாயு நீரைக் குடித்து, தனக்கே தெரியாமல் பெரும் சாதனை படைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே இந்தக் கையேடு.

சர்க்கரை ஒரு கணக்கு, அமிலம் வேறு கணக்கு

பல்லைக் கெடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. புதிதாக இறங்குகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

முதலாவது, நேரடி வழி. பானத்தில் ஏற்கெனவே இருக்கும் அமிலம் எனாமலைத் தொட்டு அதிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உருவி எடுக்கும். இதற்குச் சர்க்கரை தேவையே இல்லை, கிருமியும் தேவையில்லை. இதை அரிமானம் என்பார்கள்.

இரண்டாவது, ஆள் வைத்துச் செய்யும் வழி. பல்லில் படிந்திருக்கும் படலத்தில் வாழும் பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரையைக் கொடுத்தால் அவை அதைத் தின்று அமிலத்தைக் கழிக்கும். அந்த அமிலம் படலத்துக்கு அடியிலேயே தங்கிப் பல்லைக் குடையும். நாம் சொத்தைப் பல் என்று சொல்வது இதைத்தான்.

இரண்டுக்கும் வேகம் வேறு. அமிலப் பானத்தை ஒரு மடக்கு விழுங்கியதும், எச்சில் அதைச் சில நிமிடங்களில் கழுவிச் சமன்செய்துவிடும். சர்க்கரை அப்படி இல்லை. பாக்டீரியா விருந்து தொடங்கியபின், படலத்துக்குள் அமிலத்தன்மை பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும்.

சாதாரண கோலாவின் பெருமை இங்கேதான் இருக்கிறது. அது இரண்டு வேலையையும் ஒரே மடக்கில் செய்கிறது. 100 மில்லிக்கு 10.6 கிராம் வாக்கில் சர்க்கரை. சின்ன பாட்டில் 250 மில்லி என்று வைத்துக்கொண்டால் 26.5 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. ஐந்து சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லதாம். பெரியவர்களுக்கு அது சுமார் 25 கிராம். ஒரே பாட்டிலில் அந்தக் கோட்டைத் தாண்டி ஒன்றரை கிராம் மிச்சமும் கையில் நிற்கிறது. வீட்டுக்கு வாங்கும் 750 மில்லி பாட்டிலை ஞாயிறு பிரியாணியோடு தனியாளாக முடிப்பவருக்கு 79 கிராமுக்கு மேல் கிடைக்கும்.

அமிலக் கணக்கிலும் கோலா சோடை போவதில்லை. அமெரிக்காவில் 379 பானங்களை அளந்து 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் கோக-கோலாவின் பி.எச். 2.37. அதே பட்டியலில் எலுமிச்சைச் சாறு 2.25. எலுமிச்சைச் சாற்றை அப்படியே குடிக்கச் சொன்னால் முகம் கோணும். கோலாவை மட்டும் சிரித்துக்கொண்டே குடிக்கிறோம் என்றால் சர்க்கரைதான் காரணம். புளிப்பை அது நாக்கிலிருந்து மறைக்கும். பல்லிலிருந்து மறைக்க அதனால் முடியாது. எனவே 'குடித்துப் பார்த்தேன், புளிக்கவில்லையே' என்று சொல்பவரை இந்தத் துறையில் உடனே சேர்த்துக்கொள்ளலாம்.

லேபிளைத் தவறாகப் படிப்பது

லேபிளைப் படிக்கவே கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படிக்கலாம், முன்பக்கத்தை மட்டும் படிக்க வேண்டும். அங்கே 'ஜீரோ' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்தில் எலுமிச்சைப் படம் இருக்கும், பனித்துளி வழியும். போதும்.

பின்பக்கத்தைத் திருப்பினால் காரியம் கெட்டுவிடும். சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இரண்டு வரிகள் 100 மில்லிக்கு இத்தனை என்ற கணக்கில் இருக்கும். கையிலிருக்கும் பாட்டிலின் அளவால் அதைப் பெருக்கிப் பார்க்கிறவர் வாழ்க்கையில் எதையும் அனுபவிக்கத் தெரியாதவர். அதற்குப் பக்கத்திலேயே 'ஒரு பரிமாறலுக்கு' என்று இன்னொரு கணக்கும் இருக்கும். பரிமாறல் என்றால் எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்திருக்கும். நமக்கு உகந்தது அதுதான். இந்திய லேபிளில் சேர்த்த சர்க்கரைக்கு ஒரு நாள் அளவாக 50 கிராமை வைத்துச் சதவீதம் போடுகிறார்கள். எனவே நம் 250 மில்லி கோலா அங்கே 53 சதவீதம் என்றுதான் வரும். 25 கிராமை வைத்துப் போட்டிருந்தால் 106 என்று வந்து மனதைப் புண்படுத்தியிருக்கும்.

அமிலத்தைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். சர்க்கரைக்கு இருப்பதுபோல அமிலத்துக்கு அட்டவணையில் வரி கிடையாது. பெரும்பாலான பாட்டில்களில் பி.எச். எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மூலப்பொருள் பட்டியலில் 'அமிலத்தன்மை சீராக்கி' என்று ஒரு சாதுவான பெயருக்குப் பின்னால் எண்கள் வரும். ஐ.என்.எஸ். 338 என்றால் பாஸ்பாரிக் அமிலம், கோலாக்களில் இருப்பது. 330 என்றால் சிட்ரிக் அமிலம், எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் இருப்பது. 296 என்றால் மாலிக் அமிலம், ஆப்பிள் வாசனைக்காரர்களுக்குப் பிடித்தது. வெறும் 290 மட்டும் இருந்தால் அது கார்பன் டை ஆக்சைடு, அதாவது கேஸ். அதனோடு 500 என்று தொடங்கும் எண் இருந்தால் சோடியம் பைகார்பனேட், நம் சமையல் சோடா. அமிலத்தைத் தணிக்கும் துரோகி. இந்த எண்களை மனப்பாடம் செய்தவர் கடையில் நின்று பத்து விநாடியில் பாட்டிலைத் தேர்ந்தெடுத்துவிட முடியும் என்பதால், நீங்கள் மனப்பாடம் செய்யாதீர்கள்.

சோடாவை நம்பி ஏமாறாதீர்கள்

வெறும் சோடா இந்தத் துறையின் மிகப் பெரிய ஏமாற்றம். பேர்தான் பெத்த பேர். திறந்தால் சத்தம், தொண்டையில் காரம், மூக்கில் ஏறும் கேஸ். வயதில் பெரியவர்கள் பார்த்து 'இதெல்லாம் எலும்பைக் கரைச்சிடும்டா' என்று மிரட்டியிருப்பார்கள். அதை நம்பிக் குடித்தவர்கள் பாவம்.

சர்க்கரைக் கணக்கில் சோடா பூஜ்யம். இதில் விவாதமே இல்லை. அமிலக் கணக்கில் முதல் பார்வைக்கு நம்பிக்கை பிறக்கும். கேஸ் தண்ணீரில் கரையும்போது கார்பானிக் அமிலம் உண்டாகிறது, பி.எச். இறங்குகிறது. எந்த உப்பும் கலக்காத தண்ணீரில் கேஸை நிரப்பினால் 4ஐ ஒட்டி நிற்கும். பைகார்பனேட் உள்ள சோடாவும் இயற்கைக் கனிம வாயு நீர்களும் 5ஐ ஒட்டி நிற்கும். எனாமல் கரையத் தொடங்கும் எல்லை சுமார் 5.5 என்று பாடநூல்கள் சொல்லும். அப்படியானால் சோடாவும் கரைக்கத்தானே வேண்டும்?

கரைக்காது, கரைத்தாலும் கணக்கில் வராது. இரண்டு காரணங்கள். பி.எச். அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 2.37க்கும் 5க்கும் இடையில் அமில அயனிகளின் அடர்த்தி நானூறு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அதைவிட முக்கியமான காரணம், கார்பானிக் அமிலம் நிலைத்து நிற்காத பலவீனமான அமிலம். வாய்ச்சூட்டில் கேஸ் குமிழாகப் பிரிந்து ஓடுகிறது, கேஸ் போனால் அமிலமும் போகிறது. மிச்சமிருப்பதை எச்சில் ஒரு வாயில் முடித்துவிடுகிறது. 2001இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு கனிம நீர்களையும் குளிர்பானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கேஸ் உள்ள நீர், கேஸ் இல்லாத நீரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்தது உண்மை. ஆனால் குளிர்பானங்கள் கரைத்ததில் அது சுமார் நூற்றில் ஒரு பங்குதான். இந்த வேகத்தில் போனால் பேரன் காலத்திலும் பல்லில் எனாமல் இருக்கும்.

ஆனாலும் சோடாவை முழுதாக ஒதுக்க வேண்டாம், அதைத் திருத்தி எடுக்க வழி உண்டு. பெட்டிக்கடையில் போய், "அண்ணாச்சி, சர்க்கரை எல்லாம் வேணாம், உடம்புக்கு ஒண்ணும் செய்யாத மாதிரி ஏதாவது குடுங்க" என்று கேளுங்கள். "உப்பு போட்டு லெமன் சோடா தரட்டுமா தம்பி?" என்பார். தலையாட்டிவிடுங்கள். அரை எலுமிச்சையின் சாறு விழுந்ததும் அந்த அப்பாவிச் சோடாவின் பி.எச். 3க்குக் கீழே சறுக்கிவிடும். ஒரு தம்ளர் சோடாவில் இத்தனை கொஞ்சம் சாறு கலந்து நீர்த்துப்போகாதா என்று கேட்கலாம். சிட்ரிக் அமிலம் நீர்த்தாலும் பி.எச். அத்தனை சுலபமாக ஏறாது, பத்து மடங்கு நீர்த்தால் அரைப் படி ஏறினாலே பெரிது. சர்க்கரை இல்லை, உப்புதான் போட்டிருக்கிறது, ஆரோக்கியம் என்ற நிம்மதியோடு கரைக்கலாம். பன்னீர் சோடா வேறு ரகம். பெயரில் சோடா இருந்தாலும் சர்க்கரைப் பாகு கலந்தது, ஆகவே அதைக் 'கலர்' வரிசையில்தான் சேர்க்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் சோடாவுக்குப் பக்கத்திலேயே அதே நிறத்தில், அதே குமிழோடு நிற்கும் டானிக் வாட்டரையும் அப்படித்தான். பலவற்றில் கோலாவுக்கு நெருக்கமான சர்க்கரை இருக்கும். கொய்னாவின் கசப்பு அதை மறைத்துவிடும்.

படித்தவர்களுக்கான வழி

கோலா குடித்தால் வீட்டில் திட்டு விழும். சோடா குடித்தால் பலன் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் பழ வாசனை சேர்த்த வாயு நீர். ஒல்லியான டப்பா, வெளிர் நிறம், ஜீரோ கலோரி, ஜீரோ சர்க்கரை. உடற்பயிற்சிக் கூடத்தில் கையில் வைத்திருந்தால் மரியாதை கூடும்.

இதன் திறமையைப் பதிவு செய்தவர்கள் பர்மிங்காமின் பல் மருத்துவ ஆய்வாளர்கள், 2007இல். பிரிட்டன் கடைகளில் விற்ற பழ வாசனை வாயு நீர்களை வாங்கி அளந்தார்கள். பி.எச். 2.74க்கும் 3.34க்கும் இடையில் வந்தது. பிடுங்கிய மனிதப் பற்களை அவற்றில் வைத்துப் பார்த்தபோது, சுத்த ஆரஞ்சுச் சாறு எவ்வளவு அரித்ததோ அவ்வளவு அல்லது அதற்கு மேல் அரித்தது. இவற்றை வாசனை போட்ட தண்ணீராக நினைக்கக் கூடாது, அமிலப் பானமாகவே கருத வேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம். எல்லா வாசனை வாயு நீரும் இப்படி வேலை செய்யாது. சிலவற்றில் எண்ணெய் போன்ற இயற்கை வாசனை மட்டும் ஒரு சொட்டு கலந்திருப்பார்கள், அமிலம் எதுவும் சேர்த்திருக்க மாட்டார்கள். அவை வெறும் சோடாவுக்கு அண்ணன் தம்பிதான். வாங்கிவிட்டு ஏமாற வேண்டியிருக்கும். 330 அல்லது 296 இருக்கிறதா, பழச்சாறு சேர்த்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சுவையிலும் கண்டுபிடிக்கலாம். முகர்ந்தால் எலுமிச்சை, குடித்தால் வெறும் சோடா என்றால் அது பயனற்றது. குடித்தபின் நாக்கின் ஓரத்தில் புளிப்பு சுருக்கென்று நின்றால் சரியான சரக்கு.

இதே வரிசையில் டயட் கோலாவையும் வைக்கலாம். அந்த அமெரிக்கப் பட்டியலில் டயட் கோக் 3.10. சர்க்கரை இல்லாததால் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை, சொத்தை வழி அடைபட்டுவிடுகிறது. ஆனால் அரிமான வழி திறந்தேதான் இருக்கிறது. அந்த ஆய்வாளர்கள் 3க்குக் கீழ் இருப்பதை மிகக் கடுமையாக அரிப்பது என்றும், 3லிருந்து 4க்குள் இருப்பதை அரிப்பது என்றும், 4க்கு மேல் இருப்பதைக் குறைவாக அரிப்பது என்றும் பிரித்தார்கள். டயட் பானத்துக்கு மாறியவர் முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறங்கியிருக்கிறார், ரயிலை விட்டு இறங்கவில்லை.

பி.எச். எண்ணை மட்டும் பார்த்துப் பானங்களுக்கு ரேங்க் போடுகிறவர்களும் ஓர் இடத்தில் சறுக்குவார்கள். ஸ்பிரைட் அதே பட்டியலில் 3.24. கோலாவைவிடக் கிட்டத்தட்ட ஒரு படி மேலே, ஆக ஏறத்தாழ ஏழு மடங்கு சாது என்று தோன்றும். ஆனால் பி.எச். என்பது சட்டைப் பையில் இப்போது இருக்கும் பணம். பேங்கில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறார் என்று அது சொல்லாது. சிட்ரிக் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே எடுத்துச் செலவு செய்யும். எச்சில் அதைச் சமன்செய்யச் செய்ய, இருப்பிலிருந்து மேலும் மேலும் வரும். போதாததற்குக் கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. பாஸ்பாரிக் அமிலம் உள்ள கோலாவுக்கு ஆரம்ப வேகம் அதிகம், இருப்பு குறைவு. ஆய்வகத்தில் நெடுநேரம் ஊறவைத்துப் பார்த்தபோது, கோலாவைவிட எலுமிச்சை வகைக் குளிர்பானங்கள் எனாமலை அதிகம் கரைத்திருக்கின்றன. மொத்த இருப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் காரத்தைத் துளித் துளியாக விட்டு, எவ்வளவு விட்டால் சமனாகிறது என்று பார்க்க வேண்டும். வேதியியல் வகுப்பில் தரம்பார்த்தல் என்று செய்தது இதுதான்.

வீட்டில் ஒரு எதிரி

உங்கள் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், வாசலில் சங்குப்பூக் கொடி படர்ந்திருக்கிறது என்றால் ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள் ஜீரோ சர்க்கரை எலுமிச்சை வாயு நீர், ஒரு பாட்டில் சோடா, ஒரு நிறமில்லாத எலுமிச்சைக் குளிர்பானம் மூன்றையும் வரிசையில் வைத்து அவள் இப்படித்தான் செய்வாள்.

பத்துப் பன்னிரண்டு நீலச் சங்குப்பூவை ஒரு தம்ளர் வெந்நீரில் போட்டுக் கால் மணி நேரம் வைப்பாள். நல்ல நீலச் சாறு கிடைக்கும். நான்கு கண்ணாடித் தம்ளர்களில், ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றவற்றில் மூன்று பானங்களும் ஒரே அளவாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சாறு விடுவாள். கோலாவை அவள் சேர்க்க மாட்டாள், ஏனென்றால் அதன் பழுப்பு நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். தண்ணீர் நீலமாகவே இருக்கும். சோடா நீலத்திலிருந்து லேசாக ஊதாப் பக்கம் சாயும். குளிர்பானமும் உங்கள் வாயு நீரும் பளிச்சென்று கத்தரிப்பூ நிறத்துக்கோ இளஞ்சிவப்பை ஒட்டியோ போய் நிற்கும். அமிலம் ஏற ஏறச் சிவப்பு கூடும்.

"சித்தப்பா, உங்க தண்ணியும் அந்தக் கலரும் ஒரே மாதிரி இருக்கே?" என்பாள்.

"அது கேஸுனால வர்றதும்மா, கேஸ் போனா சரியாயிடும்" என்று சமாளிக்கத் தோன்றும். சொல்லிவிடாதீர்கள். அவள் மூன்றையும் புதிதாக எடுத்துத் தனித்தனியே சில நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மறுபடி சங்குப்பூச் சாற்றை விடுவாள். கேஸ் போன சோடா தண்ணீரைப் போலவே நீலமாகிவிடும்; பைகார்பனேட் சேர்த்த சோடாவாக இருந்தால் லேசாகப் பச்சைச் சாயல்கூடத் தட்டும். மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். கொதித்தால் ஓடிப்போகும் அமிலம் கேஸுடையது. ஓடாமல் நிற்பது சிட்ரிக். பல்லின் மேல் நிற்பதும் அதுதான்.

அவள் அதோடும் விட மாட்டாள். கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து, மருந்து சொட்டும் டிராப்பரில் எடுத்து, சிவந்து நிற்கும் தம்ளர்களில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்குவாள். விட்டதும் குமிழ் வரும், அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்த சொட்டு. நிறம் நீலத்துக்குத் திரும்பும்வரை எத்தனை சொட்டு ஆயிற்று என்று குறித்துக்கொள்வாள். அதிகச் சொட்டு கேட்ட தம்ளரில்தான் அமில இருப்பு அதிகம். உங்கள் ஆரோக்கிய நீர் குளிர்பானத்தைவிட அதிகச் சொட்டு கேட்கவும் வாய்ப்பு உண்டு, பிராண்டைப் பொறுத்தது. சர்க்கரையை இந்தச் சோதனை காட்டவே காட்டாது என்பதை எடுத்துச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சங்குப்பூவுக்குச் சர்க்கரை தெரியாது, ஆகவே அந்தக் கணக்கில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

குடிக்கும் பக்குவம்

பானத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அமெரிக்கக் காங்கிரஸின் குழு ஒன்றின் முன்னால் 1950இல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைவ் மெக்கே, கோலாவில் போட்ட பல் இரண்டு நாளில் மிருதுவாகிவிடும் என்று சாட்சி சொன்னார். அன்றிலிருந்து ராத்திரி தம்ளரில் பல்லைப் போட்டுக் காலையில் பார்க்கும் கதை உலகம் சுற்றுகிறது. அந்தப் பல்லுக்கு எச்சில் கிடையாது. உங்கள் பல்லுக்கு உண்டு. அதுதான் உங்கள் முதல் எதிரி. பைகார்பனேட்டும் கால்சியமும் சுமந்துகொண்டு இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்யும். அதை எப்படித் தோற்கடிப்பது என்பதுதான் மீதிப் பாதி.

அளவைவிட நேரம் முக்கியம். ஒரே பாட்டிலைச் சாப்பாட்டோடு பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால் எச்சிலுக்கு ஒரே சண்டை, அதுவும் மெல்லும்போது ஊறும் எச்சில் துணைக்கு இருக்கும். அதே பாட்டிலை மேஜையில் வைத்துக் காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் உறிஞ்சினால், எச்சில் சமன்செய்து முடிக்கும் நேரத்தில் அடுத்த மடக்கு வந்துவிடும். சர்க்கரையும் சேர்ந்த பானம் என்றால் படலத்திலிருக்கும் பாக்டீரியாக்களுக்கு மூன்று மணி நேரமும் பந்தி. அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இது மிக ஏற்ற முறை.

விழுங்கும் முன் வாயில் கொப்பளித்துக் குமிழின் கிச்சுக்கிச்சை ரசியுங்கள். ஸ்ட்ரா வேண்டாம், அது பானத்தை முன்பல்லைத் தாண்டி நேராக உள்ளே கொண்டுபோய்விடும். வாய் வறண்டிருக்கும் வேளை இன்னும் உத்தமம்: ஓட்டப் பயிற்சி முடிந்த கையோடு, வெயிலில் அலைந்துவிட்டு வந்து, அல்லது படுக்கைக்குப் போகும்முன். தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடுவதால், கடைசி மடக்கு இரவு முழுக்க உங்களுக்காக உழைக்கும்.

குடித்து முடித்ததும் உடனே போய்ப் பல் துலக்குங்கள், கெட்டியான பிரஷ்ஷால், அழுத்தி. அமிலம் பட்ட எனாமலின் மேல்பரப்பு கொஞ்ச நேரம் மிருதுவாக இருக்கும். அப்போது தேய்த்தால் கரையாததையும் சேர்த்து எடுத்துவிடலாம். பல் மருத்துவர்கள் அரை மணி, ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்வார்கள், அதுவரை தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள், ஃபுளோரைடு பற்பசை வாங்கச் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் நம் வேலை நடக்காது.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

பொறுமை வேண்டும். முதல் அறிகுறி பளபளப்பு. பல்லின் மேல் இருந்த மெல்லிய வரிகள் மறைந்து, மழமழவென்று கண்ணாடி மாதிரி ஆகும். பலர் இதைப் பார்த்து மகிழ்ந்துபோவார்கள். அடுத்து மஞ்சள். எனாமல் மெலிந்து, அடியில் இருக்கும் டென்டைனின் நிறம் தெரியத் தொடங்கும். இதைக் கறை என்று நினைத்து வெண்மையாக்கும் பற்பசையால் இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் போனஸ் பெறுவார்கள். முன்பல்லின் விளிம்பு வெளிச்சத்தில் ஊடுருவித் தெரியும், நுனியில் சின்னச் சின்னதாகச் சிதறும். கடைவாய்ப் பல்லின் முகடுகளில் குழி விழும். பழைய ஃபில்லிங் இருந்தால் அதைப் பாருங்கள்: அமிலம் ஃபில்லிங்கைக் கரைக்காது, சுற்றியுள்ள பல்லைக் கரைக்கும், ஆகவே ஃபில்லிங் மட்டும் மேடாக எழுந்து நிற்கும். இது உயர்ந்த நிலை. ஐஸ் தண்ணீர் பட்டால் உயிர் போகிற கூச்சம் அதற்கு முன்போ பின்போ வந்துசேரும்.

இதைச் சொத்தையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சொத்தை பிரஷ் போகாத இடுக்கிலும் பள்ளத்திலும் கறுப்பாக வரும். அரிமானம் சுத்தமான, நன்றாகத் துலக்கிய, படலம் ஒட்டாத பரப்பில்தான் விரிந்து வரும். ஆகவே பல்லைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு, சொல்லப்போனால் முன்னுரிமையே உண்டு. ஒன்று மட்டும் கவனியுங்கள். குளிர்பானமே அதிகம் குடிக்காதபோதும் மேல் முன்பற்களின் உட்புறம், அண்ணத்தைப் பார்க்கும் பக்கம், கரைந்திருந்தால் அந்தப் பெருமை பாட்டிலுக்குச் சேராது. வயிற்று அமிலம் எதுக்களித்து மேலே வருகிறது. அதற்குப் பல் மருத்துவரோடு வயிற்று மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, இந்த முறைகள் எதுவுமே பலிக்காமல் பற்கள் அப்படியே இருப்பவர்கள் கடிதம் எழுத வேண்டாம். நீங்கள் குடித்தது வெறும் சோடாவாக இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவராக இருந்தால் அந்த லேபிளில் சோடியம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு தாராளமாகக் குடித்துக்கொண்டே இருங்கள்.